ஒரே ட்ரையர், மூணு தடவை ஆட்டோ ட்யூன், மூணு விதமான P I D. எதைப் போடுறது?

அக்டோபர் 9, இரவு 9.50 | கொடநாடு_பாதை

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில இன்ஸ்ட்ருமெண்ட் வேலை. ஃப்ளூயிட் பெட் ட்ரையருக்குப் போற சூடு காத்தை 125 டிகிரியில பிடிக்கணும். ஃபர்னஸ் விறகுல ஓடுது, கற்பூரக் கட்டை. சூடு ஏறினா குளிர்காத்து டேம்பரைக் கன்ட்ரோலர் திறக்கும், இறங்கினா மூடும். லூப்புல இருக்கறது அவ்வளவுதான். பேனல்ல இருக்கற சாதா கன்ட்ரோலர், ரேஞ்ச் 0–200.

இந்த வாரம் மூணு தடவை `AT` போட்டேன். வந்தது:

```
1: P 31   I 85    D 21
2: P 58   I 212   D 53
3: P 24   I 70    D 17
```

கடைசியா வந்ததுதான் சரியா இருக்கும்னு மூணாவதை விட்டு வச்சேன். ரெண்டு ஷிஃப்டா டெம்பரேச்சர் ஊஞ்சல் ஆடுது, ±6. தூள்ல கருகல் வாசம்னு டீ மேக்கர் கத்துறார். மூணையும் கூட்டி மூணால வகுத்துப் போடலாமா?

அக்டோபர் 9, இரவு 10.20 | பேனல்போர்டு

சராசரி எல்லாம் வேண்டாங்க. நான் கோயம்புத்தூர்ல இருபது வருஷமா பேனல் கட்டுறேன். `AT` குடுக்கற P எப்பவும் டைட்டாத்தான் இருக்கும். P-ஐ ஒன்றரை மடங்கு ஆக்குங்க, I-ஐ ரெட்டிப்பு பண்ணுங்க, D-யை சைபர் பண்ணுங்க. முடிஞ்சுது. சார்ட் பாக்கறது, ஃபார்முலா போடறது எல்லாம் காலேஜ் பசங்க வேலை.

அக்டோபர் 9, இரவு 10.45 | ஸ்விட்ச்கியர்

ரிலே ஃபீட்பேக் ட்யூனிங்னு எங்கேயோ படிச்சேன். ரிலே பாயிண்ட் கருகியிருந்தா இப்படித்தான் ரீடிங் மாறும். எஸ்.எஸ்.ஆர். போட்டுப் பாருங்க.

அக்டோபர் 10, காலை 6.15 | லூப்_தாத்தா

ஸ்விட்ச்கியர், அந்த ரிலே டப்பாவுக்குள் இருக்கும் ரிலே இல்லை. `AT` அழுத்தினால் கன்ட்ரோலர் தன் PID கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ரிலே மாதிரி நடந்துகொள்ளும். சூடு செட் பாயிண்டுக்குக் கீழே இருந்தால் ஒரு கோடி, மேலே போனால் மறு கோடி. இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. லூப் தானாக ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்தின் உயரத்தையும் நேரத்தையும் அளந்து P, I, D போடும். 1984-இல் ஸ்வீடன் லுண்டில் இருந்த ஆஸ்ட்ரமும் ஹேக்லுண்டும் கொண்டுவந்த வழி இது. அதற்கு முன்பு, 1942-இல் சீக்லரும் நிக்கல்ஸும் சொன்னபடி, லூப் ஆடும் வரை கெயினைக் கையால் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஆலையில் அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.

இப்போது தம்பியின் எண்களுக்கு வருவோம். மூன்று வரிசையிலும் I-ஐ D-யால் வகுத்துப் பாருங்கள். நாலு, நாலு, நாலு. அதாவது உங்கள் கன்ட்ரோலர் பழைய சீக்லர்–நிக்கல்ஸ் விகிதத்தைத்தான் போடுகிறது. அதில் I என்பது ஆட்ட நேரத்தில் பாதி. ஆகவே கன்ட்ரோலர் கண்ட ஆட்டம் முதல் தடவை 170 விநாடி, இரண்டாவது 424, மூன்றாவது 140. ஒரே ட்ரையருக்கு 424-உம் 140-உம் இருக்க முடியாது. ஒன்றையாவது வேறு யாரோ ஆட்டியிருக்கிறார்கள்.

P-இலிருந்து உயரமும் எடுக்கலாம்.

```
Ku = 4d / (π·a)
P  = 100 / (0.6·Ku)
```

`Ku` லூப் ஓயாமல் ஆடத் தொடங்கும் கெயின். `P` சதவீதப் பட்டை, எண் குறைந்தால் பிடி இறுகும். `d` டேம்பர் ஆட்டத்தில் பாதி, `a` சூட்டின் ஆட்டத்தில் பாதி. P 31 என்றால் Ku சுமார் 5.4. டேம்பர் 0–100 போயிருந்தால் d 50, a கிட்டத்தட்ட 12 சதவீதம், 200 ரேஞ்சில் 24 டிகிரி. அதாவது 125-ஐச் சுற்றி மேலும் கீழும் 24. தூள் ஓடும்போது இதைச் செய்தீர்களா? டீ மேக்கர் உங்களை இன்னும் உயிரோடு விட்டு வைத்திருக்கிறாரா?

அக்டோபர் 10, காலை 7.05 | கொடநாடு_பாதை

மன்னிக்கணும், சொல்ல விட்டுப்போச்சு. அவுட்புட் லிமிட் 30–70 வச்சுத்தான் `AT` போட்டேன். போன வருஷம் 0–100ல விட்டு வாங்கிக்கட்டிக்கிட்டதுல வந்த புத்தி.

அக்டோபர் 10, காலை 7.30 | லூப்_தாத்தா

அப்படியானால் d 20. a கிட்டத்தட்ட 9 டிகிரி. ரெக்கார்டரில் ±9 இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் செட் பாயிண்டுக்குக் கீழே எத்தனை விநாடி, மேலே எத்தனை விநாடி என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

அக்டோபர் 10, இரவு 8.40 | கொடநாடு_பாதை

பாத்தேன். முதல் டெஸ்ட் ±9, அச்சு மாதிரி நீங்க சொன்னதுதான். கீழ 84, மேல 86, அடுத்த சுத்தும் ரெண்டு மூணு விநாடி வித்தியாசத்துல அதேதான்.

ரெண்டாவது டெஸ்ட்ல முதல் சுத்து ஒழுங்கா 180. அப்புறம் கீழ 236, மேல 188. கூட்டினா 424. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா அந்த நேரம் என்ன நடந்ததுன்னு ஃபயர்மேன் அண்ணனைக் கேட்டேன். "நீ பட்டனை அமுக்கிட்டுப் போனதும் நான் கட்டை போட்டேன்"ன்னார். கதவைத் திறந்தா குளிர்காத்து உள்ள போகுது, ஈரக்கட்டை வேற, சூடு தொப்னு விழுந்துடும். கன்ட்ரோலர் டேம்பரை 30க்கு மூடிட்டுக் காத்துக்கிட்டே நிக்குது. அப்புறம் கட்டை பிடிச்சதும் ஒரேயடியா ஏறுது, +18 வரைக்கும். இதெல்லாம் தன் டேம்பர் செஞ்ச வேலைன்னு அது நம்பிக்கிச்சு.

கடைசி சுத்தை மட்டும்தான் இந்த மாடல் கணக்குல எடுக்குது போல. முதல் சுத்துல நிறுத்தியிருந்தா நல்ல நம்பர் வந்திருக்கும்.

அக்டோபர் 10, இரவு 9.00 | பேனல்போர்டு

அப்ப ரெண்டாவதைத் தூக்கிப் போடுங்க. மூணாவது சார்ட் எப்படி இருக்கு? சுத்தமா இருந்தா மூணாவதுதான் சரி. சார்ட் சுத்தமா இருந்தா ட்யூன் சரின்னு அர்த்தம்.

அக்டோபர் 10, இரவு 9.25 | கொடநாடு_பாதை

அதுதான் குழப்பமே. மூணாவதுதான் மூணுலயும் அழகான சார்ட். கீழ 72, மேல 68, எல்லாச் சுத்தும் ஒண்ணுபோல, ±7. ஆனா அதைப் போட்டுத்தான் ஊஞ்சல்.

அக்டோபர் 11, காலை 6.10 | லூப்_தாத்தா

மூன்றாவதை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?

அக்டோபர் 11, காலை 6.40 | கொடநாடு_பாதை

மத்தியானச் சாப்பாட்டு நேரம். யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்கன்னு… ஓ.

அக்டோபர் 11, காலை 6.55 | கொடநாடு_பாதை

மேல போட்டதுக்குத் தொடர்ச்சி. சாப்பாட்டு நேரத்துல கட்டை போட ஆள் இல்ல, ஃபர்னஸ் தணல்ல கிடந்தது. ட்ரையர்லயும் தூள் இல்ல. தொந்தரவு இல்லைங்கறது நிஜம்தான். ஆனா தீயும் இல்ல.

டேம்பர் திறந்தா உள்ள வர்றது வெளிக்காத்து, எங்க ஊர்ல 16–17 டிகிரி. அது எவ்வளவு குளிர வைக்குங்கறது அந்தப் பக்கம் வர்ற காத்து எவ்வளவு சூடுங்கறதைப் பொறுத்தது. தீ முழுசா எரியும்போது டேம்பர் ஒரு சதவீதம் நகர்ந்தாலும் சூடு நல்லா இறங்கும். தணல்ல அவ்வளவு இறங்காது. அதனால ஆட்டம் ±7தான் வந்தது. "இந்த லூப் மந்தமானது, அழுத்திப் பிடிக்கலாம்"ன்னு கன்ட்ரோலர் முடிவு பண்ணி P-ஐ 24 ஆக்கிடுச்சு. அதே 24 முழுத் தீயில மூர்க்கமா வேலை செய்யுது.

தாத்தா, சரியா சொல்றேனா?

அக்டோபர் 11, காலை 7.20 | லூப்_தாத்தா

சரி. டேம்பருக்கு எங்கே வேகம் அதிகமோ அங்கேதான் `AT` போட வேண்டும். முழுத் தீயில் ட்யூன் செய்தது தணலில் கொஞ்சம் சோம்பலாக இருக்கும், அவ்வளவுதான். தணலில் செய்தது முழுத் தீயில் ஆடும். சுத்தமான சார்ட் என்றால் யாரும் குறுக்கிடவில்லை என்று பொருள். எந்த ட்ரையரை அளந்தீர்கள் என்பதை அது சொல்லாது.

இப்போது ஆடுகிறதே, அதன் ஒரு சுற்று எவ்வளவு நேரம்?

அக்டோபர் 11, காலை 7.35 | கொடநாடு_பாதை

கிட்டத்தட்ட மூணு நிமிஷம். சில நேரம் அதுமேல ஏழு நிமிஷத்துக்கு ஒரு பெரிய அலையும் ஏறி உக்காருது.

அக்டோபர் 11, காலை 10.10 | வறுக்கி

ஊட்டியில பேக்கரி வச்சிருக்கேன். எங்க புது கரண்ட் ஓவன்லயும் இதே பிரச்சனை. `AT` போட்டா ஹீட்டர் 40 விநாடி எரியுது, அஞ்சு நிமிஷம் அணைஞ்சு கிடக்குது. அப்புறம் கொடுக்கற நம்பர்ல ஓடவிட்டா 200க்கு வச்சது 225 போயிடுது. வர்க்கி ஒரு பக்கம் கருப்பு. எனக்கும் யாராவது விறகு போடறாங்களா?

அக்டோபர் 11, மதியம் 1.30 | லூப்_தாத்தா

இல்லை, உங்களுடையது வேறு நோய். உங்கள் ஹீட்டர் தேவைக்கு மிகப் பெரியது. ஏற்றுவது நொடியில், இறங்குவது தானாக ஆறினால்தான். 340 விநாடியில் 40 விநாடி எரிகிறது என்றால் 200-இல் நிற்க அதற்குத் தேவை 12 சதவீதம்தான். ஆனால் மேலே கொடுத்த ஃபார்முலா ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம் என்று வைத்துக்கொள்கிறது. 0–100 ஆட்டம், ஆகவே d 50 என்று எடுக்கிறது. இவ்வளவு ஒருதலையான துடிப்பில், ஆட்டத்தை உண்மையில் தள்ளுகிற பங்கு அதில் பாதிகூட இல்லை. தள்ளியது சிறிது, கன்ட்ரோலர் கணக்கெழுதியது பெரிது. Ku இரண்டு மடங்குக்கு மேல் வீங்கிவிடும், P இறுகிவிடும்.

`AT` போடும்போது மட்டும் அவுட்புட் உச்சவரம்பை 25 ஆக்குங்கள். தேவை 12, உச்சம் 25, ஆகவே எரிவதும் அணைவதும் ஏறத்தாழ சமமாகும். வந்த எண்களை எழுதிக்கொண்டு வரம்பை மீண்டும் ஏற்றுங்கள். சில மாடல்கள் `AT`-இல் அந்த வரம்பை மதிப்பதில்லை. ஹீட்டர் விளக்கை நின்று பாருங்கள்.

அக்டோபர் 11, மதியம் 2.00 | பேனல்போர்டு

இதுக்குத்தானுங்க நான் P ஒன்றரை மடங்குன்னு சொல்றேன். ரெண்டு மடங்குன்னு மாத்திக்கறேன்.

அக்டோபர் 11, இரவு 9.15 | கொடநாடு_பாதை

தாத்தா தனியா ஒரு வேலை சொல்லியிருந்தார்: மேனுவல்ல போட்டுட்டு சும்மா உக்காந்து பாருன்னு. ட்ரையரை மேனுவல்ல விடறதுக்கு டீ மேக்கர் ஒத்துக்கவே இல்ல. கடைசியில 25 நிமிஷம் குடுத்தார், வாட்சைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னார்.

டேம்பர் 46ல பூட்டு. மூணு நிமிஷ ஆட்டம் ஒரு சுத்துலயே செத்துப் போச்சு. ஏழு நிமிஷ அலை மட்டும் அப்படியே நடந்துக்கிட்டிருக்கு, ±4. ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலயும் ஃபர்னஸ் கதவுச் சத்தம் கேக்குது.

ஆக, மூணு நிமிஷம் கன்ட்ரோலர் பண்றது, ஏழு நிமிஷம் விறகு பண்றது. ரெண்டையும் ஒரே நோய்னு நினைச்சு ஒரு வாரமா P-ஐத் திருகிக்கிட்டிருந்தேன்.

அக்டோபர் 12, காலை 6.30 | லூப்_தாத்தா

முதல் டெஸ்டின் Ku 5.4, 170 விநாடி இரண்டையும் நம்பலாம். ஆனால் சீக்லர்–நிக்கல்ஸ் எண்களை அப்படியே போடாதீர்கள், அவை ஆட்டம் போடும் எண்கள். டைரஸ்–லூபென் விதி இந்த மாதிரி லூப்புக்கு நிதானமானது. கெயினை Ku-வில் 3.2-இல் ஒரு பங்காகவும், I-ஐ ஆட்ட நேரத்தில் 2.2 மடங்காகவும் வையுங்கள். P 59, I 374 வரும். D வேண்டாம்.

அக்டோபர் 12, காலை 6.50 | கொடநாடு_பாதை

P 59?? கெட்டுப்போன ரெண்டாவது டெஸ்ட் குடுத்தது 58! அப்ப ஃபயர்மேன் அண்ணன்தான் இந்த ஃபேக்டரியிலேயே பெரிய ட்யூனரா?

அக்டோபர் 12, காலை 7.00 | பேனல்போர்டு

31க்கு ரெண்டு மடங்கு 62ங்க. நான் எழுதினது மேல இருக்கு. யாரும் கண்டுக்க மாட்டீங்க.

அக்டோபர் 12, காலை 7.40 | லூப்_தாத்தா

பேனல்போர்டு, கண்டுகொண்டேன். முதல் டெஸ்டுக்கு உங்கள் பெருக்கல் வேலை செய்கிறது. மூன்றாவதை இரட்டிப்பாக்கினால் 48, இரண்டாவதை இரட்டிப்பாக்கினால் 116. எதைப் பெருக்குவது என்று தெரிய சார்ட் பார்த்துத்தான் ஆக வேண்டும், காலேஜ் பசங்களோடு சேர்ந்து.

தம்பி, 58 தற்செயல். அதோடு வந்த D 53-ஐப் போட்டிருந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் டேம்பர் துள்ளியிருக்கும்.

அக்டோபர் 13, இரவு 10.05 | கொடநாடு_பாதை

P 60, I 370, D 0. ரெண்டு ஷிஃப்ட் ஓடிச்சு. மூணு நிமிஷ ஊஞ்சல் போயே போச்சு. ஏழு நிமிஷ அலை ±3. மேனுவல்ல ±4 இருந்தது, ஆட்டோல ±3. இவ்வளவு பாடுபட்டு ஒரு டிகிரிதான் மிச்சமா?

அக்டோபர் 14, காலை 6.20 | லூப்_தாத்தா

அவ்வளவுதான் கிடைக்கும். லூப்பின் சொந்த ஆட்டம் 170 விநாடி, தொந்தரவு 420 விநாடிக்கு ஒரு தடவை. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருந்தால் கன்ட்ரோலர் சுதாரித்துத் திருத்துவதற்குள் தொந்தரவு மறுபக்கம் திரும்பியிருக்கும். P-ஐ இறுக்கினால் அலை இன்னும் கூடலாம். இனி பேச வேண்டிய இடம் ஃபர்னஸ்.

அக்டோபர் 15, இரவு 9.30 | கொடநாடு_பாதை

பேசினேன். பேசினதுன்னு சொல்றதைவிட டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தேன். ஏழு நிமிஷத்துக்கு நாலு கட்டைக்குப் பதிலா, மூணரை நிமிஷத்துக்கு ரெண்டு. "கதவை ரெண்டு மடங்கு தடவை திறக்கணும், உன் மீட்டருக்காக என் முதுகு போகணுமா"ன்னு கேட்டார். நியாயம்தான். ஆனா ஒரு ஷிஃப்ட் செஞ்சு காட்டினார். ஈரக்கட்டையை ஃபர்னஸ் பக்கத்துச் சுவர்ல சாய்ச்சு, முதல் நாளே காயவச்சதும் அவர் யோசனைதான்.

ஆட்டம் ±2க்கு வந்துடுச்சு. அலை அடங்கினதும் அடியில இருந்த இன்னொண்ணு தெரியுது: பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ரொம்ப மெதுவா. கன்ட்ரோலர் அவுட்புட் ரம்பப்பல் மாதிரி ஏறி ஏறி இறங்குது. சூடு ஒரே இடத்துல நின்னுட்டு, திடீர்னு நகர்ந்து, மறுபடி நிக்குது.

அக்டோபர் 15, இரவு 9.50 | ஸ்விட்ச்கியர்

இப்பவாவது ரிலே பாயிண்டைப் பாருங்க.

அக்டோபர் 16, காலை 6.05 | லூப்_தாத்தா

மேனுவலில் இரண்டிரண்டாக நகர்த்திப் பாருங்கள். 46, 48, 50, பிறகு திரும்பி 48, 46. திரும்பும் இடத்தில் டேம்பர் தகடு உடனே திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அக்டோபர் 16, இரவு 8.20 | கொடநாடு_பாதை

திரும்பல. மோட்டார் கை நகருது, தகடு அசையல. நாலு சதவீதம் வந்தப்புறம்தான் "டக்"குன்னு ஒரு சத்தம், அப்புறம் தகடு. இணைப்புக் கம்பியோட கண்ணு தேஞ்சு முட்டை வடிவமா ஆயிருக்கு, போல்ட் உள்ள லொடலொடன்னு ஆடுது. விரலை வச்சாலே தெரியுது.

`AT` இதைக் காட்டலையேன்னு கோபம் வந்துச்சு. யோசிச்சா அது காட்டாது. 30க்கும் 70க்கும் நடுவுல நாப்பது சதவீதம் எட்டு வைக்கிறவனுக்கு நாலு சதவீதப் பள்ளம் எங்க தெரியும்? ஆனா சாதாரண ஓட்டத்துல கன்ட்ரோலர் கேக்கறதே ஒண்ணு ரெண்டு சதவீதம்தான். அதுல முழுசையும் அந்த ஓட்டை முழுங்கிடும். I மெதுவா ஏத்திக்கிட்டே போகும், ஓட்டை நிரம்பினதும் தகடு துள்ளும், மறுபடி எதிர்ப்பக்கம்.

ஸ்விட்ச்கியர் அண்ணே, எங்கேயோ ஒரு பார்ட் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. இடம்தான் தப்பு.

அக்டோபர் 18, இரவு 9.10 | கொடநாடு_பாதை

லேத்ல குடுத்து கண்ணுக்குப் பித்தளைப் புஷ் போட்டாச்சு. பன்னெண்டு நிமிஷ ரம்பப்பல் இல்ல. P, I தொடவே இல்ல. ±1.5.

அக்டோபர் 18, இரவு 9.30 | பேனல்போர்டு

இப்ப லிங்கேஜ் சரியாயிடுச்சு, இன்னொரு தடவை `AT` போட்டு D-யோட எடுத்துப் பாருங்க. டெம்பரேச்சர் லூப்புக்கு D இல்லாம விடறது அரை வேலைங்க.

அக்டோபர் 19, காலை 6.00 | லூப்_தாத்தா

கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் D டேம்பரை உதைக்கும், புதுப் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். என் ஓட்டு D இல்லாததற்கு.

அக்டோபர் 19, காலை 9.40 | வறுக்கி

25 சதவீதம் வச்சு `AT` போட்டேன். விளக்கு எரியறதும் அணையறதும் சமமா இருந்துச்சு. இப்ப 200 வச்சா 204ல நிக்குது. தாத்தாவுக்கு ஒரு கிலோ வர்க்கி பாக்கி.

அக்டோபர் 22, இரவு 9.45 | கொடநாடு_பாதை

D சண்டையில நான் இன்னும் எந்தப் பக்கமும் போகல. முழுத் தீயில, கட்டை போட்ட கையோட ஆரம்பிச்சு அடுத்த கட்டைக்குள்ள முடியற மாதிரி ஒரு `AT` எடுக்கணும்னு ஆசை. 170 விநாடில ரெண்டு சுத்துன்னா கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். ஃபயர்மேன் அண்ணன்கிட்ட ஆறு நிமிஷம் கதவைத் திறக்காம இருப்பீங்களான்னு கேட்டேன். முதல்ல பழைய ஏழு நிமிஷத்துக்குத் திரும்பலாம்னு சொல்லுன்னார்.

ரெண்டு நாளா மழை. சாய்ச்சு வச்ச கட்டையும் நமுத்துப் போச்சு, ஆட்டம் மறுபடி ±3. பேனல் கதவைத் திறக்கல.